கண்ணாடி வளையல் எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது?

தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோவிலில் தைப்பூசத் திருவிழாவின்போது பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கும் தேரோட்டம் உண்டு. அன்று தெரு முழுக்க வளையல் சத்தம்தான் கேட்கும். போன தைக்கு நானும் போனேன். மூன்று டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி, கைக்கு ஒரு டஜன் போட்டுக்கொண்டு, மூன்றாவது டஜனைக் கைவசம் வைத்திருந்தேன். ஒவ்வொரு கையிலும் இரண்டு ஓரத்திலும் கல் வைத்த அரக்கு வளையல் ஒவ்வொன்று.

காலையில் போடும்போதே இரண்டு உடைந்தன. இரண்டுமே வலது கை. மூன்றாவது டஜனிலிருந்து எடுத்து ஈடுகட்டினேன். வடம் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் வலது கையில் ஏழு காணோம், இடது கையில் இரண்டு காணோம். மிச்சமானதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது, யாரும் தொடாத பெட்டிக்குள் ஒரு வளையல் வாய் பிளந்து கிடந்தது.

என் அத்தை பல வருடமாக வளையல் கடை வைத்திருப்பவர். துண்டுகளைத் தாளில் மடித்து அவரிடம் கொண்டுபோனேன். சேலை மடிப்பில் சிக்கியிருந்த இரண்டு மூன்று துண்டுகளும் அதில் இருந்தன. அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது போடறப்ப போனது, இது எதுலயோ இடிச்சது, இது ஒட்டு விட்டது" என்று மூன்று குவியலாகப் பிரித்தார். எதுவும் சொல்லாமலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூன்று குவியலை வைத்தே கண்ணாடி வளையல் ஏன் உடைகிறது என்று சொல்லிவிடலாம்.

முதலில் வளையல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் கண்ணாடி வளையலில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத்திலிருந்து வருகிறது. மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றையும் உலையில் உருக்கி, அந்தக் குழம்பை நூல் போல இழுத்து, சுழலும் உருளையில் நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். ஆறியதும் அது ஸ்பிரிங் போல இருக்கும். அதன் மேல் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டால் ஒவ்வொரு சுற்றும் தனி வளையமாகப் பிரிந்துவிடும். ஆனால் ஸ்பிரிங்கிலிருந்து வந்ததால் அதன் இரண்டு முனைகளும் நேருக்கு நேர் நிற்காது, ஒன்று சற்று மேலே, மற்றொன்று சற்றுக் கீழே இருக்கும். அதை நெருப்பில் வாட்டி நேராக்குவது ஒரு வேலை, முனைகளைச் சிறு சுடரில் காட்டி ஒட்டுவது இன்னொரு வேலை. இந்த ஒட்டு வேலையை அங்கே பெரும்பாலும் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து செய்கிறார்கள்.

உங்களிடம் சாதாரணக் கண்ணாடி வளையல் இருந்தால் எடுத்து, நகத்தை அதன் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கோ ஓரிடத்தில் நகம் தட்டும். மிகச் சிறிய மேடு, அல்லது லேசான பள்ளம். அதுதான் ஒட்டு. முழு வளையலும் ஒரே சீராக ஆறியிருக்கும், ஆனால் அந்த ஓரிடம் மட்டும் மறுபடி சூடாகி, சட்டென்று ஆறியிருக்கும். கண்ணாடி அவசரமாக ஆறினால் வெளிப்பக்கம் முதலில் இறுகிவிடும். உள்பக்கம் பிறகு சுருங்கப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். ஆறிய பிறகும் அந்த இழுவை உள்ளேயே தங்கிவிடும். வெளியிலிருந்து யாரும் தொடாவிட்டாலும் அந்த இடம் எப்போதும் ஒரு விறைப்பில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம், கண்ணாடிக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. அலுமினியக் கம்பியை அழுத்தினால் வளைந்து அப்படியே நிற்கும். கண்ணாடி ஓரளவு வளையும், விட்டால் திரும்பிவிடும், அந்த அளவைத் தாண்டினால் உடையும். நடுவில் வேறு நிலை கிடையாது. அழுத்தத்தை அது நன்றாகத் தாங்கும், இழுவையைத்தான் தாங்காது. அந்த இழுவையும் மேற்பரப்பில் ஏதாவது கீறல் இருந்தால் அந்தக் கீறலின் நுனியில் போய்க் குவிந்துவிடும். கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921-ல் வெளியான கட்டுரையில் இதைத்தான் விளக்கினார். கண்ணாடி இழைகளை இழுத்துப் பார்த்தபோது, இழை மெல்லியதாக ஆக ஆக எதிர்பார்த்ததைவிட வலுவாக இருந்தது. உடைவது கண்ணாடியின் இயல்பான பலவீனத்தால் அல்ல, கண்ணுக்குத் தெரியாத கீறல்களால் என்று அவர் கண்டார். துணிக்கடையில் விளிம்பில் சின்னதாக வெட்டிவிட்டுத் துணியைக் கிழிப்பார்களே, அதே கதைதான். வெட்டு விழுந்த இடத்திலிருந்து கிழிசல் தானாக ஓடும்.

இப்போது அத்தையின் குவியல்களுக்கு வருவோம்.

போடும்போது உடைந்தது

என் காலைச் சேதம் இரண்டிலும் காரணம் அளவுதான். வளையல் கடையில் "ரெண்டு நாலு", "ரெண்டு ஆறு", "ரெண்டு எட்டு" என்பார்கள். இது தசமம் இல்லை. இரண்டு அங்குலத்துக்கு மேல் பதினாறில் எத்தனை பங்கு என்பதுதான் இரண்டாவது எண். ரெண்டு எட்டு என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் எட்டும், அதாவது இரண்டரை அங்குல உள்விட்டம். ரெண்டு பத்து அதைவிடப் பெரியது. இணையத்தில் வாங்கும்போது 2.10 என்று எழுதியிருப்பதை 2.1 என்று படித்து, ரெண்டு ரெண்டைவிடச் சின்னது என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய.

உங்கள் அளவு தெரிய ஒரு நூல் போதும். கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கி, கை எவ்வளவு ஒடுங்குமோ அவ்வளவு ஒடுக்கி, விரல் கணுக்கள் சேர்ந்து அகலமாக நிற்கும் இடத்தைச் சுற்றி நூலை ஒட்டினாற்போல் சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் அளக்க வேண்டும். 17 சென்டிமீட்டர் வந்தால் ரெண்டு ரெண்டு. 18 என்றால் ரெண்டு நாலு, 19 என்றால் ரெண்டு ஆறு, 20 என்றால் ரெண்டு எட்டு, 21 என்றால் ரெண்டு பத்து. அளவு ஒன்று கூடினால் சுற்றளவு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டு கைகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அதிகம் வேலை செய்கிற கை பெரும்பாலும் சற்றுப் பெரியதாக இருக்கும்.

என் இடது கை சரியாக 19. வலது கை 19.4. நான் இரண்டுக்கும் ரெண்டு ஆறுதான் வாங்கியிருந்தேன். வலது கைக்கு நான்கு மில்லிமீட்டர் பற்றாக்குறை. கைச் சதை அமுங்குவதால் பத்து வளையல் எப்படியோ ஏறின. இரண்டு ஏறவில்லை.

அந்த இரண்டு துண்டுகளையும் அத்தை எனக்குக் காட்டினார். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதில் ஓரிடம் மட்டும் முகம் பார்க்கும் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும், அதிலிருந்து விலக விலகச் சொரசொரப்பாகும். வழவழப்பாக இருக்கும் இடத்தில்தான் உடைசல் தொடங்கியது. என் துண்டுகளில் அந்த இடம் வளையலின் வெளி விளிம்பில் இருந்தது. அதுதான் அடையாளம். கை உள்ளிருந்து இரண்டு பக்கமும் தள்ளும்போது, கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் வளையல் கூர்மையாக வளையும். அந்த இரண்டு இடத்தில்தான் வெளி விளிம்பில் இழுவை மிக அதிகம். புறங்கை நடுவிலும் உள்ளங்கை நடுவிலும் இழுவை உண்டு, ஆனால் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். என் இரண்டு வளையல்களில் ஒன்றில் ஒட்டு சரியாகக் கட்டைவிரல் கணுவின் மேல் நின்றிருந்தது. பலவீனமான இடத்தையும் கடுமையான இழுவையையும் நானே ஒன்றாகச் சேர்த்துவைத்திருக்கிறேன்.

அதனால் வளையல் போடுமுன் நகத்தால் ஒட்டைத் தேடி, அதைப் புறங்கையின் நடுவுக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியத்துக்கு இரண்டு நொடி போதும், பலன் கண்கூடாகத் தெரியும்.

அத்தை வாடிக்கையாளருக்குப் போடும் விதத்தையும் கவனித்திருக்கிறேன். "கையை விடு கண்ணு, நீ விறைக்காத" என்பதுதான் அவர் முதலில் சொல்வது. விறைத்தால் கணு எலும்பு நிமிர்ந்துகொள்ளும், சதை அமுங்காது. கட்டைவிரலைச் சுண்டுவிரலின் அடிப்பக்கம் நோக்கி மடக்கச் சொல்வார். வளையலைச் சற்றுச் சாய்த்து, சுண்டுவிரல் பக்கத்துக் கணுவை முதலில் கடக்கவிட்டு, பிறகு கட்டைவிரல் அடியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே மற்ற பக்கத்தைக் கடத்துவார். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார். மாட்டிக்கொண்டால், மாட்டிய இடத்தில் சதையைத்தான் நகர்த்துவார். எதிர்ப்பக்கம் பிடித்து நெம்ப மாட்டார். நெம்பினால் வளையல் முறுக்கிக்கொள்ளும், முறுக்கலைக் கண்ணாடி தாங்காது.

வீட்டில் தனியாகப் போடுபவர்களுக்கு மெல்லிய பாலித்தீன் பை நல்ல துணை. கையில் பையை மாட்டி அதன் மேல் வளையலை ஏற்றினால் வழுக்கிக்கொண்டு ஏறும், பிறகு பையை விரல் பக்கமாக இழுத்து எடுத்துவிடலாம். சோப்பு நுரையும் வேலை செய்யும், ஆனால் பொன் பூச்சு உள்ள வளையல் என்றால் பூச்சு மங்கும். தேங்காய் எண்ணெய் வழுக்குவதற்கு நல்லதுதான், பிறகு துடைக்காவிட்டால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது ஏன் கெடுதல் என்று அப்புறம் சொல்கிறேன்.

நேரமும் முக்கியம். வெயிலில் நடந்து வந்தவுடன் கை வீங்கியிருக்கும். காலையில் குளிர்ந்த நீரில் கை நனைத்துவிட்டுப் போடுவது சுலபம். வளைகாப்புக்கு வாங்கும்போது பழைய அளவை நம்ப வேண்டாம். கர்ப்ப காலத்தில் கை வீங்குவது சகஜம், அன்றைய தினத்துக்கு முந்தைய வாரத்தில் நூலால் அளந்துவிட்டு வாங்குங்கள். போட்ட பிறகு வீங்கி இறுகினால், கையை நெஞ்சுக்கு மேலே சற்று நேரம் உயர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் நனைத்து, நுரை தடவிக் கழற்றப் பாருங்கள். முடியவில்லை என்றால் கல்லால் தட்ட வேண்டாம். வளையலுக்கும் தோலுக்கும் நடுவில் துணியைச் செருகி, மேலேயும் தடித்த துணி சுற்றி, அதன் மேல் இடுக்கியால் நெரித்தால் துண்டுகள் துணிக்குள்ளேயே நின்றுவிடும். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இடிபட்டு உடைந்தது

வடம் பிடித்தபோது உடைந்தவற்றில் எனக்குக் கிடைத்த துண்டுகள் சின்னவை. இடித்து உடையும் வளையல் பெரும்பாலும் மூன்று நான்கு துண்டாகப் போகும். வெளியிலிருந்து ஒரு இடத்தில் அடி விழுந்தால் அந்த இடம் உள்நோக்கித் தட்டையாகும், இழுவை உள் விளிம்பில் வரும். அதனால் வழவழப்பான தொடக்கப்புள்ளி பெரும்பாலும் உள்பக்கம் இருக்கும். அத்தை தாளில் பிரித்ததற்கு இதுதான் கணக்கு.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. வடம் பிடிக்கும்போது நிறைய அடி விழுந்தது. முதல் பத்து நிமிடம் எதுவும் உடையவில்லை. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன, அதுவும் பெரிய இடி எதுவும் இல்லாமல். இதை எல்லாரும் அனுபவித்திருப்பீர்கள். நேற்று பாத்திரத்தில் எவ்வளவோ மோதியும் உடையாத வளையல், இன்று கதவைத் தொட்டதும் உடைகிறது. காரணம், ஒவ்வொரு மோதலும் ஒரு நுண்ணிய கீறலைப் போட்டுவிட்டுப் போகிறது. வளையல் பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். அதன் மேற்பரப்பு மட்டும் பழசாகிவிட்டது. ஈரம் பட்டால் இது இன்னும் வேகமாகும். கீறலின் நுனியில் இழுவை இருக்கும்போது நீர் அங்கே போய்க் கண்ணாடியின் பிணைப்பை மெல்ல அறுக்கிறது. பாத்திரம் கழுவுகிற கையில் வளையல் சீக்கிரம் போவதற்கு மோதல் மட்டும் காரணம் இல்லை, தண்ணீரும் காரணம்.

கீறல் போடுவதில் பெரிய எதிரி தூசி. தெருப் புழுதியில் இருக்கும் வெண்மணல் துகள் குவார்ட்ஸ், அது கண்ணாடியைவிடக் கெட்டி. எங்கள் தருமபுரிப் பக்கம் கருங்கல் பூமி, அந்தக் கல்லிலும் குவார்ட்ஸ் உண்டு. எண்ணெய்ப் பிசுக்குள்ள வளையலில் அந்தத் தூசி ஒட்டிக்கொண்டால், இரண்டு வளையல் உரசும்போதெல்லாம் உப்புத்தாள் தேய்ப்பது போலத்தான். தேய்த்த எண்ணெயைத் துடைக்கச் சொன்னது அதனால்தான்.

அடுத்த எதிரியை நானே கையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஓரத்தில் இருந்த அரக்கு வளையலில் பதித்த கற்கள். அரக்கு மென்மையானது, அதனால் கண்ணாடிக்கு நல்ல காவல் என்று நினைத்திருந்தேன். வெற்று அரக்கு என்றால் அது சரிதான். கல் பதித்திருந்தால், அந்தக் கல்லின் முனை பக்கத்துக் கண்ணாடி வளையலை நாள் முழுக்கக் கீறும். மிஞ்சிய வளையல்களை அத்தை விளக்கு வெளிச்சத்தில் காட்டியபோது, அரக்குக்குப் பக்கத்தில் இருந்தவற்றில்தான் மங்கலான கோடுகள் அதிகம் தெரிந்தன. அதற்கு அவர் சொன்ன வழி, நடுவில் பட்டு நூல் சுற்றிய வளையல் ஒன்றைப் போடுவது. கல் நூலில் உரசும், கண்ணாடி தப்பிக்கும். எனக்கு இது அழகாகவும் பட்டது.

பெரிய அளவு போட்டால் உடையாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. போடும்போது உடையாது என்பது உண்மை. ஆனால் தொளதொளவென்று இருக்கும் வளையல் கை அசையும்போதெல்லாம் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஓடி, வேகம் எடுத்து மோதும். கையில் நாலு வளையல் தளர்வாக இருப்பதைவிட ஒரு டஜன் நெருக்கமாக இருப்பது நல்லது. நெருக்கமாக இருந்தால் அவை ஒன்றாக நகரும், தனித்தனியாக மோதாது. வடம் பிடிப்பது, கும்மி அடிப்பது போன்ற வேலைக்கு வளையல்களை முன்கையின் தடித்த பகுதிவரை ஏற்றிவிட்டு, அவற்றுக்குக் கீழே ஒரு கைக்குட்டையை மடித்துக் கட்டிவிட்டால் இறங்கி வராது. வலது கையில் நான் அப்படிச் செய்திருந்தால் ஏழு போயிருக்காது.

பெட்டிக்குள் உடைந்தது

மூன்றாவது குவியலில் ஒரே ஒரு வளையல். அது துண்டாகவில்லை. ஓரிடத்தில் மட்டும் விட்டு, பிறை போல வாய் திறந்து நின்றது. நகத்தால் தடவிப் பார்த்தால் விட்ட இடத்தின் இரண்டு பக்கமும் மேடு. ஒட்டு விட்டிருக்கிறது. உள்ளே தங்கியிருந்த விறைப்பும், வடம் பிடித்த நாளில் விழுந்த ஏதோ ஒரு கீறலும், அன்றைய வியர்வையைத் துடைக்காமல் வைத்த ஈரமும் சேர்ந்து மூன்று வாரம் மெல்ல வேலை செய்து, யாரும் தொடாத ஒரு நேரத்தில் முடித்துவிட்டன. இதற்கு அபசகுனம் எதுவும் காரணம் இல்லை. வீட்டில் பெரியவர்கள் யாராவது மனம் கலங்கினால் இந்த மேட்டை அவர்கள் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போதே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு டஜனை மேசையில் படுக்க வைத்துப் பாருங்கள். தட்டையாக உட்காராமல் ஆடும் வளையலில் முனைகள் கோணலாக ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டு துருத்திக்கொண்டோ, மிகவும் மெலிந்தோ இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு வளையலை விரலில் தொங்கவிட்டு இன்னொன்றால் மெல்லத் தட்டினால், நல்லது கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாகக் கேட்கும்.

எடுத்து வைப்பதில் நான் இப்போது செய்வது இதுதான். கழற்றியதும் ஈரத் துணியால் ஒரு முறை துடைத்து, காய்ந்த பருத்தித் துணியால் இன்னொரு முறை துடைக்கிறேன். முதல் துடைப்பு மணலை எடுக்கும், இரண்டாவது ஈரத்தை எடுக்கும். பிறகு பழைய பருத்திப் புடவைத் துண்டை இறுக்கமாக உருட்டி, வளையலின் உள்ளே கெட்டியாக நிற்கும் அளவுக்குத் தடிமனாக்கி, அதில் ஒரு டஜனைக் கோத்துவிடுகிறேன். உருளையின் இரண்டு முனையையும் நாடாவால் கட்டினால் வளையல்கள் ஒன்றோடொன்று மோதாது. ரப்பர் பேண்டு போட வேண்டாம். கோடை வெயிலில் அது உருகிப் பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் கொடுக்கும் அட்டைப் பெட்டி பரவாயில்லை, ஆனால் உள்ளே இடம் விட்டால் குலுங்கும், காலி இடத்தைத் துணியால் அடையுங்கள். உலோக வளையலும் கல் வளையலும் வேறு பெட்டியில்.

அரக்கு வேறு குணம்

அரக்கு வளையலைக் கண்ணாடி போலவே கவனித்தால் அதுவும் வீணாகும். அரக்கு என்பது புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் வாழும் சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதைச் சூட்டில் இளக்கி, வேறு பொடிகளைச் சேர்த்துப் பிசைந்து, உருட்டி, கரி நெருப்பின் அனலில் வாட்டி வளைத்து, மேலே நிறமும் கல்லும் கண்ணாடிச் சில்லும் பதிக்கிறார்கள். ஜெய்ப்பூரிலும், ஹைதராபாத் சார்மினாரை ஒட்டிய லாட் பஜாரிலும் இதைக் கண்ணெதிரே செய்வதைப் பார்க்கலாம். உங்கள் கையைப் பார்த்து அங்கேயே வாட்டி அளவு மாற்றியும் தருவார்கள்.

நெருப்பில் இளகியதால் உருவானது நெருப்புச் சூட்டிலேயே கெடும். எழுபது டிகிரியை ஒட்டி அரக்கு இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் முன்பலகை அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். அதற்கு முன்பே கல் கழன்றுவரும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியவை ஒட்டிக்கொள்ளும், வட்டம் நீள்வட்டமாகும். பாலித்தீன் உறையில் இறுக்கிவைத்தாலும் வெப்பத்தில் மேற்பூச்சு உறையோடு ஒட்டும். ஒவ்வொன்றையும் பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பரணில் வைக்காமல், வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தால் போதும்.

இன்னொரு எதிரி கைகழுவும் சானிடைசர். ஆல்கஹாலில் அரக்கு கரையும். மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுபவர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பூசுகிறார்கள். சானிடைசர் தடவிய கை காய்வதற்குள் வளையல் அதில் பட்டால் பளபளப்பு போய்விடும். வாசனைத் திரவியமும் அப்படித்தான், அடித்துக்கொண்டு காய்ந்த பிறகே அரக்கு வளையல். சோடா கலந்த சோப்புத் தூளும் அரக்கைக் கரைக்கும், துணி துவைக்கும் முன் கழற்றிவிடுங்கள். வெறும் தண்ணீர் ஒரு துளி இரண்டு துளி பட்டால் கெடாது. ஊற வைத்தால் மேலே வெள்ளை படியும்.

அரக்கு வளையல் போடும்போது கண்ணாடிக்குச் சொன்ன அளவைவிட ஒரு அளவு கூட்டி வாங்குவதே நல்லது, அதிலும் பட்டையாக இருந்தால். அகலப் பட்டை கணுவை ஒரே நேரத்தில் நிறைய இடத்தில் தொடும், சாய்த்து நுழைக்கவும் இடம் தராது. வயதான அரக்கு கெட்டிப்பட்டு முறியும் தன்மைக்கு வந்துவிடும் என்பதால், அம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்த பழைய அரக்கு வளையலை நெம்பிப் போட வேண்டாம். கீழே விழுந்தால் கண்ணாடி போலச் சிதறாது, ஆனால் விரிசல் விடும், ஓரம் பெயரும். நிறையக் கடைகளில் அரக்கு என்று விற்பது பிளாஸ்டிக் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழக்கப்பட்டவர்கள் ஊசி நுனியைச் சூடாக்கி உள்பக்கம் தெரியாத இடத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். அரக்கு இளகி மெழுகு போல மணக்கும், பிளாஸ்டிக் மூக்கைச் சுருக்கவைக்கும் நாற்றம் அடிக்கும்.

உடைந்த கண்ணாடி வளையலை ஒட்ட முயல வேண்டாம். பசை போட்டு ஒட்டினாலும் அந்த முனை தோலில் வெட்டும். நீள்வட்டமான அரக்கு வளையலை மட்டும் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்தால் மர உருளையில் மாட்டி வாட்டி வட்டமாக்கித் தருவார்.

இந்தத் தைக்கு வலது கைக்கு ரெண்டு எட்டு ஒரு டஜன், இடது கைக்கு ரெண்டு ஆறு ஒரு டஜன் வாங்கியிருக்கிறேன். அரக்கு வளையல் நாலும் கல் இல்லாதவை.